அளவு நோட்டில் குறைந்துபோன மூன்றரை அங்குலம்

என் அம்மாவுக்கு 76 வயது. சென்ற ஆண்டு தை மாதத்தில் இரத்த அழுத்தம் பார்க்க ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, வாசலில் இருந்த பெண் அம்மாவை எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றினாள். தலைக்கு மேலிருந்த கம்பியை இறக்கி உயரமும் பார்த்து, ஒரு சீட்டில் மூன்று எண்களை எழுதினாள். எடை 122 பவுண்டு, உயரம் 4 அடி 10½ அங்குலம், அவ்விரண்டையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. 25.1. உள்ளே இருந்த இளம் மருத்துவர் மூன்றாவது எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "அம்மா கொஞ்சம் பருமனாகிவிட்டார்கள், எடையைக் குறைக்க வேண்டும்" என்று பர்மிய மொழியில் சொன்னார். அம்மா தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றும் என்னை நான் நொந்துகொள்கிறேன், ஏனென்றால் அந்தச் சீட்டில் இருந்த பிழையைக் கண்டுபிடிக்கத் தேவையானதெல்லாம் என் கடையில் ஒரு மேசை இழுப்பறைக்குள் கிடந்தது.

நான் ரங்கூனில் திங்கஞ்சூன் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். 2006-ஆம் ஆண்டிலிருந்து வாடிக்கையாளர்களின் அளவுகளை நோட்டில் எழுதிவருகிறேன். தீபாவளிக்கு அம்மாவுக்கு ரவிக்கை தைப்பது வழக்கமாதலால், ஆண்டுக்கு ஒரு முறை அவருடைய அளவும் அதில் ஏறிவிடும். முதல் ஆண்டில் முன் நீளம் 16 அங்குலம், பின் நீளம் 14½, மார்புச் சுற்று 38, இடுப்புச் சுற்று 34 என்று இருக்கிறது. கடந்த தீபாவளிக்கு எழுதிய வரியில் முன் நீளம் 14½, பின் நீளம் 15½, மார்புச் சுற்று அதே 38, இடுப்புச் சுற்று 37. கூன் விழுந்த உடம்புக்குத் துணி வெட்டுகிறவர்களுக்கு இது பழகிய கணக்குதான். முதுகு வளைய வளையப் பின்பக்கத்துக்குத் துணி கூடுதலாக வேண்டியிருக்கும், முன்பக்கத்தில் துணி மிஞ்சிச் சுருக்கம் விழும். பழைய அளவிலேயே வெட்டினால் ரவிக்கை பின்னால் மேலேறி நிற்கும். நானும் ஒவ்வோர் ஆண்டும் கால் அங்குலம், அரை அங்குலம் என்று மாற்றி வெட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். ரவிக்கை சரியாக அமைந்துவிட்டதால், உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அதைவிடத் தெளிவான சாட்சி, பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தமெய்ன். கோயிலுக்குப் போகும்போது அம்மா சேலை கட்டுவார், வீட்டில் எப்போதும் பர்மிய தமெய்ன்தான். சேலையை இடுப்பில் எவ்வளவு உள்ளே செருகுகிறோம் என்பதற்குக் கணக்கு இல்லை, ஆகவே உயரம் குறைந்தாலும் அது காட்டிக்கொடுக்காது. தமெய்னுக்கு மேல் ஓரத்தில் கறுப்புப் பட்டித் துணி வைத்துத் தைத்திருக்கும், அது இடுப்பில் நிற்க வேண்டிய இடம் தெரிந்துவிடும், கீழ் ஓரம் தரையில் இழுபடும். ஆறேழு ஆண்டுகளாக "கால்ல தட்டுதடி, கொஞ்சம் மடிச்சுக் குடு" என்று அம்மா தமெய்னைக் கொண்டுவந்து மேசையில் போடுவார். நான் அரை அங்குலம் மடித்துத் தைத்துக் கொடுப்பேன். துணி நீளமாக வந்துவிட்டது என்றே இருவரும் பேசிக்கொண்டோம்.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே அம்மா இரவுச் சோற்றை நிறுத்திவிட்டார். முட்டையும் மீனும் கொழுப்பு என்று யாரோ சொன்னதால் அவையும் போயின. காலையில் நூடுல்ஸைக் குழம்பில் போட்டுத் தரும் மொகிங்கா வாங்கி வந்தால் குழம்பை மட்டும் இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைப்பார். ஐந்து மாதத்தில் 122 பவுண்டு 113 ஆயிற்று. மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது பி.எம்.ஐ. 23.2 என்று வந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அந்த மாதம் ஒரு ரவிக்கையைத் திருத்த அளவெடுத்தபோது கைச்சுற்று 11 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைந்திருந்தது. முக்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் அவரால் எழ முடியவில்லை. இடுப்புச் சுற்று மட்டும் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. கையும் காலும் மெலிந்து வயிறு அப்படியே இருக்கிறதே என்று எனக்கு ஒரு குழப்பம் இருந்தது, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் மின்சாரம் நின்று மோட்டார் ஓடாததால், அம்மா கீழே குனிந்து அரை வாளித் தண்ணீரைத் தூக்கினார். முதுகில் சுளீரென்று பிடித்துக்கொண்டது. சுளுக்கு என்று எண்ணி மூன்று நாள் எண்ணெய் தேய்த்தோம். நான்காம் நாளும் படுத்தால் புரள முடியாமல், இருமினால் உயிர் போகிற வலியாக இருந்ததால், வேறொரு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகளில் கடைசியானதும், அதற்குக் கீழே இடுப்புப் பகுதியில் முதலாவதும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவமாக இருந்தன. மேலே உள்ளது புதிது, கீழே உள்ளது பல ஆண்டுகளுக்கு முன்பே உடைந்து ஆறியது என்றார் மருத்துவர். பழைய உடைவு எப்போது நேர்ந்தது என்று அம்மாவுக்கு நினைவே இல்லை. முதுகெலும்பு நசுங்கல்களில் பெரும்பாலானவை இப்படித்தான், வயதானால் வருகிற முதுகுவலி என்ற பெயரில் ஆறிப்போய்விடுமாம்.

அவர் அடுத்துக் கேட்ட கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது. "இளம் வயதில் அம்மாவின் உயரம் என்ன?" யாருக்கும் தெரியவில்லை. அம்மாதான் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். நம் நாட்டு அட்டையில் உயரம் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும், நாற்பது வயதில் வாங்கிய அம்மாவின் அட்டையில் 5 அடி 2 அங்குலம் என்று இருந்தது. அட்டை எழுதுகிற மேசையில் செருப்போடு நிறுத்திக் குத்துமதிப்பாக எழுதுவதும் உண்டு என்பதால், அதை அப்படியே நம்பக்கூடாது என்று மருத்துவர் சொல்லி, அம்மாவின் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் செய்து ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்தார். 62 அங்குலம். பெரும்பாலானவர்களுக்குக் கைவிரிப்பும் இளமைக்கால உயரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஓரிரு அங்குலம் முன்பின் ஆகலாம். கையெலும்பு வயதானதால் குட்டையாவதில்லை, ஆகவே முதுகு இழந்த உயரத்துக்கு அது ஒரு சாட்சி. தோள்பட்டை இறுகியவர்களுக்கு மட்டும் இந்த அளவு உதவாது. அம்மாவுக்கு அட்டையும் கையும் ஒரே எண்ணைச் சொல்லின. 62 அங்குலமாக இருந்தவர் இப்போது 58½ அங்குலம், ஆக மூன்றரை அங்குலம், கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் எங்கேயோ போயிருக்கிறது.

பி.எம்.ஐ. என்பது கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்துக் கிடைப்பது. பவுண்டும் அங்குலமும் புழங்கும் நம்மவர்களுக்கு, எடையை 703-ஆல் பெருக்கி உயரத்தால் இரண்டு முறை வகுத்தாலும் அதே விடை வரும். இரண்டு முறை வகுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உயரம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் பி.எம்.ஐ. நூற்றில் இரண்டு பங்கு ஏறிவிடும், அந்த மனிதர் ஒரு கவளம் கூடுதலாக உண்ணாவிட்டாலும் ஏறிவிடும். அம்மாவின் 122 பவுண்டை 62 அங்குலத்தில் வைத்துக் கணக்கிட்டால் 22.3, 58½ அங்குலத்தில் வைத்தால் 25.1. முதல் எண் ஆசியர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கைக் கோடாகச் சொல்லும் 23-க்குக் கீழே இருக்கிறது, இரண்டாவது பொதுவான 25-ஐயே தாண்டிவிட்டது. 62 அங்குல உயரத்தில் ஒருவர் 25.1 என்ற எண்ணை எட்ட வேண்டுமானால் 137 பவுண்டு இருக்க வேண்டும். அதாவது அம்மாவின் உடம்பில் இல்லாத 15 பவுண்டை, சந்தைக் கணக்கில் நாலு வீசைக்கு மேலானதை, அந்தச் சீட்டு அவர்மேல் ஏற்றியிருந்தது. நானும் அம்மாவும் அந்த நாலு வீசையைக் குறைக்கப் போராடி, உண்மையில் இருந்த தசையைக் கரைத்தோம்.

வயதானால் எல்லாருமே கொஞ்சம் குறுகுவார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் நெடுங்காலமாக நடந்துவரும் முதுமை ஆய்வில், ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்திருக்கிறார்கள். 30 வயதிலிருந்து 70 வயதுக்குள் ஆண்கள் சராசரியாக 3 சென்டிமீட்டரும் பெண்கள் 5 சென்டிமீட்டரும் இழக்கிறார்கள், 80 வயதில் அது 5-ம் 8-ம் ஆகிறது. அந்தக் குறைவால் மட்டுமே 70 வயதுப் பெண்ணின் பி.எம்.ஐ. 1.6 அளவும், 80 வயதில் 2.6 அளவும் பொய்யாக ஏறுகிறது. ஆண்களுக்கு இதில் பாதியளவுதான். முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகள் நீர்வற்றித் தட்டையாவது, முதுகைத் தூக்கி நிறுத்தும் தசைகள் தளர்ந்து மேல்முதுகு வளைவது, முழங்கால் மடங்கியே நிற்பது எல்லாம் இதில் அடங்கும். ஆனால் இளமைக்கால உயரத்தில் 4 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போயிருந்தாலோ, முறையாக அளந்துவரும்போது இடையில் 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் வரம்பு. அம்மா அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியிருந்தார். உயரம் எங்கே போயிற்று என்று முதல் நாளே யாராவது கேட்டிருந்தால், எடையைக் குறைக்கச் சொல்லும் பேச்சே எழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

இடுப்புச் சுற்று ஏன் குறையவில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது. மார்புக்கூட்டுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள இடம் சுருங்கும்போது, உள்ளே உள்ள குடலும் மற்றவையும் போக வேறிடமின்றி முன்னால் தள்ளுகின்றன. அம்மாவை நேராக நிற்கவைத்து, பக்கவாட்டில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் என் விரல்களை வைக்கச் சொன்னார் மருத்துவர். இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நுழைந்தது. பதினெட்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் நாடாவைச் சுற்றியிருக்கிறேன், விரலை வைத்துப் பார்த்ததில்லை. கொழுப்பு கூடாமலே தொந்தி தெரிவதும், வயிறு எக்கினாலும் உள்ளே போகாததும், நாலு வாய் உண்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதும் இந்த இடச்சுருக்கத்தின் அடையாளங்களாக இருக்கலாம்.

இன்னொரு சோதனை அதைவிட எளியது. குதிகால், பிட்டம், மேல்முதுகு மூன்றும் சுவரில் படுமாறு நின்று பார்வையை நேராக வைத்தால், பின்தலையும் சுவரில் பட வேண்டும். அம்மாவின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் நுழைந்தது. பிறகு கட்டிலில் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கவைத்தார். சிறிது நேரத்தில் தலை மெத்தையை ஏறக்குறையத் தொட்டது, ஒரு விரல் இடைவெளிதான் மிஞ்சியது. நிற்கும்போது தெரியும் கூனில் ஒரு பகுதி தசைத் தளர்ச்சியும் பழக்கமும், அது பயிற்சியால் திரும்பும். படுத்த பிறகும் மிஞ்சுகிற பகுதி எலும்பின் வடிவம், அது திரும்பாது. இதைப் பிரித்துச் சொன்னது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது, ஏனென்றால் நிமிர்ந்து நில் நிமிர்ந்து நில் என்று வீட்டில் எல்லாரும் அம்மாவை அதட்டிக்கொண்டிருந்தோம்.

உடைவுக்குக் காரணம் எலும்புத் தேய்வு என்று முடிவுகட்டுவதற்கு முன், முதுகெலும்புக் காசநோயும் புற்றுநோயும் இல்லையென்று உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனைகள் எழுதினார். காய்ச்சல், இரவில் எழுப்பிவிடும் வலி, காரணமில்லாத மெலிவு, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாதாம். மூட்டுவலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டார். கடையில் நாலைந்து மாத்திரைகளைக் கலந்து கட்டித் தரும் பொட்டலத்தை அம்மா பல ஆண்டுகளாக வாங்கிவருவது அப்போதுதான் வெளியே வந்தது. அத்தகைய பொட்டலங்களில் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்திருப்பது உண்டு, அது எலும்பை அரிக்கும், வயிற்றையும் முகத்தையும் பருக்கவும் வைக்கும். பல காலம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், அதை எப்படி விடுவது என்று அவரே ஒழுங்குபடுத்தினார்.

அதன்பின் எடைக்குறைப்பு நின்றது. முட்டையும் மீனும் பருப்பும் திரும்ப வந்தன, சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் சேர்ந்தன. எலும்புக்காக மருத்துவர் வாரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார், அதை ஞாயிறு விடியலில் வெறும் வயிற்றில் ஒரு முழுத் தம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் எதுவும் உண்ணாமலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். இயன்முறைப் பயிற்சியாளர் ஒருவர், சுவரோடு நின்று தலையைப் பின்னுக்குத் தள்ளுவது, குப்புறப் படுத்து நெஞ்சை லேசாக உயர்த்துவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது ஆகிய மூன்றை மட்டும் கற்றுக்கொடுத்தார். குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியை அம்மா பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வந்து செய்யத் தொடங்கியபோது, நசுங்கிய எலும்பின் முன்விளிம்பில் அதுதான் அதிகச் சுமை ஏற்றும் என்று தடுத்துவிட்டார்.

இப்போது வீட்டில் உயரம் பார்ப்பது என் வேலை. மாதத்தின் முதல் ஞாயிறு, படுக்கையிலிருந்து எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, எப்போதும் அதே நேரத்தில் அளக்கிறேன். காலைக்கும் மாலைக்கும் எல்லாருக்குமே உயரம் அரை அங்குலமோ அதற்கு மேலோகூட வேறுபடலாம், அதிலும் பெரும்பகுதி எழுந்த முதல் மணி நேரத்திலேயே குறைந்துவிடும். செருப்பில்லாமல், கொண்டையை அவிழ்த்துவிட்டு, சுவரோடு நிற்கச் செய்து, துணி வெட்டும் மேசையில் உள்ள மரமட்டத்தைத் தலைமேல் வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு இழுக்கிறேன். புத்தகத்தை வைத்தால் சாய்ந்துவிடும். மூன்று முறை நிற்கவைத்து நடு எண்ணை எடுத்துக்கொள்கிறேன். மருத்துவமனையில் கொண்டையின் மேலேயே கம்பியை இறக்கியிருந்தால், சீட்டில் எழுதிய எண்ணைவிட அம்மா உண்மையில் இன்னும் குட்டையாக இருந்திருப்பார் என்பதும் எனக்கு இப்போது தோன்றுகிறது.

நோட்டில் அம்மாவின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பத்தியில் எடை, மற்றொன்றில் உயரம் என்று எழுதுகிறேன். பி.எம்.ஐ.-யைக் கடைசியில்தான் போடுகிறேன், அதையும் இரண்டு உயரத்துக்கும் தனித்தனியே. எடை குறைந்து உயரமும் குறைகிறவர்களுக்கு அந்த ஒற்றை எண் இன்னும் மோசமாக ஏமாற்றும். அம்மா 113 பவுண்டுக்கு இறங்கியபோது மருத்துவமனை 23.2 என்று மகிழ்ந்தது, அவருடைய பழைய உயரத்தில் அது 20.7. உடம்பு உருகிக்கொண்டிருந்ததை, குறைந்த உயரம் மூடி மறைத்துவிட்டது. அதற்காகப் பழைய உயரத்தில் வரும் எண்தான் முழு உண்மை என்றும் நான் சொல்லமாட்டேன். நாற்பது வயதில் இருந்த 122 பவுண்டில் தசை அதிகம், எழுபத்தாறு வயதின் 122-இல் கொழுப்பு அதிகம். ஆகவே சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தனியாகவே பார்த்துக்கொள்கிறோம். எடைக்கு அடுத்தபடி நான் நம்புவது கைச்சுற்றும், முக்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எடுக்கும் நேரமும்தான்.

எட்டு மாதம் ஆகிறது. எடை 119 பவுண்டு, கைச்சுற்று 10½. சுவருக்கும் தலைக்கும் நடுவில் இரண்டரை விரல். உயரம் அரை அங்குலம் திரும்பி 59 ஆகியிருக்கிறது, எலும்பில் போனது திரும்பவில்லை. போன வாரம் அம்மா புதுத் தமெய்ன் துணி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். எவ்வளவு மடிப்பது என்று நான் நாடாவை எடுத்தபோது, "முதல்ல என்னை அள, அப்புறம் துணியை அள" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் போய் நின்றார்.